இருநூறு பேருக்கு ஒரே கடிதம்: நான் கற்றுக்கொடுத்த தப்பு



நம் குடும்பக் குழுவில் போன வாரம் ஒரு தம்பி ஒன்றை ஃபார்வர்டு செய்திருந்தான். மேலே ராமானுஜன் படம். "துறைமுக குமாஸ்தா ஒரு கடிதம் போட்டார், வாழ்க்கையே மாறியது. நீங்களும் போடுங்கள்" என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே, பேராசிரியர்களிடம் இன்டர்ன்ஷிப் கேட்பதற்கான ஒரு மாதிரி ஈமெயில். பெயரை மட்டும் மாற்றி இருநூறு பேருக்கு அனுப்பினால் இரண்டு பேராவது பதில் போடுவார்களாம். பதினாலு பேர் கைகூப்பியிருந்தார்கள். என் பழைய மாணவர்கள் மூன்று பேர் "சூப்பர் டீச்சர், யூஸ்ஃபுல்" என்று எனக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அந்தச் செய்தி பொய், அந்த மாதிரிக் கடிதம் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள். பல்கலைக்கழக வாசலைப் பார்த்ததெல்லாம் பேப்பர் திருத்தப் போன நாட்களில்தான். ஆராய்ச்சியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதுவும் தப்பாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது இந்தப் பொங்கலுக்குத்தான் புரிந்தது.

என் தம்பி மகள் வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மீன்களின் மரபணு பற்றி ஆராய்ச்சி. பொங்கலுக்கு வந்தவள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஈமெயில்களை அழித்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் இன்டர்ன்ஷிப் கேட்டு வருவது அத்தை, இந்த வாரம் மட்டும் முப்பத்தொன்று" என்றாள். படிக்காமலே அழிக்கிறாயே, பாவமில்லையா என்று கேட்டேன். பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள்.

பாதிக்கு மேல் "டியர் சார்" என்று ஆரம்பித்தன. அவள் பெண். சிலவற்றில் அவள் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், வேறு அளவில் இருந்தது. ஒட்டிய இடம் அப்படியே தெரிந்தது. ஒன்றில் வேறு ஒரு பேராசிரியரின் பெயரே இருந்தது. "உங்கள் மதிப்புமிக்க ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்ற வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. என்ன ஆராய்ச்சி என்று சொன்ன சிலரும் அவளுடைய இணையப் பக்கத்திலிருந்த வாக்கியத்தையே அவளுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடைசியில் "எந்தத் தலைப்பு கொடுத்தாலும் செய்யத் தயார்" என்று ஒரு வரி. கூடவே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து தட்டச்சுச் சான்றிதழ் வரை ஸ்கேன் செய்த ஏழெட்டு இணைப்புகள்.

"எந்தத் தலைப்பும் சரி என்கிற வரிதான் அத்தை மோசம். அது பணிவு மாதிரி தெரியும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது, யார் பக்கத்தில் உட்காரவைப்பது, எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் நானே யோசிக்க வேண்டும். முப்பத்தொரு பேருக்கு எப்படி யோசிப்பேன்?" என்றாள்.

அதற்கு அடுத்த கடிதத்தை அவள் திறந்தபோது பெயரைப் பார்த்தேன். என் மாணவி. எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்ச். எர்ணாவூர்ப் பிள்ளை. எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மீன் மரபணு ஆராய்ச்சிக்கு வேதியியல் மாணவி எழுதியிருக்கிறாள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான சமூகத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் தொடங்கி, "தங்கள் உண்மையுள்ள கீழ்ப்படிதலுள்ள" என்று முடித்திருந்தாள்.

அது என் வாக்கியம். காய்ச்சல் லீவ் லெட்டருக்காக நான் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யவைத்து, மார்க் போட்ட வாக்கியம். என் கண் முன்னாலேயே அந்தக் கடிதம் குப்பைக்குப் போனது. தம்பி மகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். (அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.) நூற்றி நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறாள். மாதிரிக் கடிதத்துக்கே யாரோ ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறாள். வந்த ஒரே பதில், பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்திடமிருந்து. "நம்ம ஏரியாப் பிள்ளைகளுக்கெல்லாம் கிடைக்காது டீச்சர்" என்றாள். அவள் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அடுத்த வருஷம் படிப்பை விட்டு வேலைக்குப் போவதாகப் பேச்சு வீட்டில் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது.

இப்போது ராமானுஜனுக்கு வருகிறேன். ஏனென்றால் அந்த ஃபார்வர்டு அவர் பெயரைத்தான் விற்கிறது.

நம்ம துறைமுக ஆபீஸில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக 1912 மார்ச்சில் சேர்ந்தார், மாதம் முப்பது ரூபாய் சம்பளம். கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தின் தேதி 1913 ஜனவரி 16. அதுவரை உண்மை. ஆனால் ஏழை குமாஸ்தா கெஞ்சினார், வெள்ளைக்காரர் மனம் இரங்கினார் என்று சொல்கிறார்களே, அது அந்தக் கடிதத்தைப் பார்க்காதவர்கள் சொல்வது.

கடிதத்தில் தான் யார், எங்கே வேலை, என்ன சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறார். உடனே கணக்குக்குப் போகிறார். ஹார்டி 1910-இல் முடிவிலி பற்றி ஒரு சிறிய நூல் வெளியிட்டிருந்தார். அதன் 36-ஆம் பக்கத்தில், ஒரு எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று சொல்லும் திட்டமான வாய்பாடு இன்னும் கிடைக்கவில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. ராமானுஜன் அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு, இதற்கு மிக நெருக்கமாக வரும் ஒன்றை நான் கண்டுபிடித்திருக்கிறேன் என்கிறார். பிறகு தன் தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைக்கிறார்.

கடைசியில் என்ன கேட்டார் தெரியுமா? கேம்பிரிட்ஜுக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்கவில்லை. இவற்றைப் படித்துப் பாருங்கள், மதிப்பு உண்டு என்று தோன்றினால் வெளியிட உதவுங்கள், அனுபவமில்லாத எனக்கு ஆலோசனை சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். ஏழை என்பதையும் சொல்லியிருக்கிறார், மறைக்கவில்லை. ஆனால் தானாக வெளியிட ஏன் முடியவில்லை என்பதற்குக் காரணமாகத்தான் அது வருகிறது.

அவர் இருநூறு பேருக்கும் எழுதவில்லை. 1912-இல் சென்னைப் பொறியியல் கல்லூரியின் கிரிஃபித் என்ற பேராசிரியர் இவருடைய கணக்குகளை லண்டனில் இருந்த ஹில் என்பவருக்கு அனுப்பினார். விரியும் தொடர்களில் இவர் வழுக்கி விழுந்திருக்கிறார் என்று அவர் தப்பைச் சுட்டிப் பதில் எழுதினார். கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு எழுதிப் பயனில்லாமல் போனதாகவும் சொல்வார்கள். அத்தனை பேரும் கணக்குக்காரர்கள், அந்தக் கணக்கைப் படித்தால் புரிந்துகொள்ளக் கூடியவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பகா எண் பற்றி அவர் சொன்னது பிற்பாடு தப்பு என்று தெரிந்தது. பிழை அவர் நினைத்த அளவு சிறியதாக இல்லை. அதனால் ஹார்டி அவரைத் தள்ளிவிடவில்லை. 1913 பிப்ரவரி 8 அன்று அவர் எழுதிய பதில், நிரூபணங்களை அனுப்புங்கள் என்று கேட்டது. கடிதத்தில் சரிபார்க்க ஒரு பொருள் இருந்ததால்தான் பதிலிலும் கேட்க ஒரு கேள்வி இருந்தது. என் லீவ் லெட்டர் வாக்கியத்தில் எதைச் சரிபார்ப்பது?

"அவர் மேதை டீச்சர், நாங்கள் யார்?" என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்டாள். மேதைத்தனத்தை விடு, நீ உன் கையால் செய்த ஒரு வேலையைச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் எண்ணெய் பரவியது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த முகத்துவாரத்துச் சேற்றைத்தான் அவள் தன் ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கிறாள். நாலு இடம், ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை, ஆகப் பன்னிரண்டு மாதிரிகள். மாமாவின் படகில் போய் எடுத்திருக்கிறாள். கல்லூரியில் உலர்த்தி, எடை போட்டு, 550 டிகிரியில் எரித்து, எவ்வளவு எடை குறைகிறது என்று பார்த்திருக்கிறாள். அதை வைத்து உயிர்க்கழிவுப் பொருள் எவ்வளவு என்று ஒரு மதிப்பு கிடைக்கும். ஆனால் அதில் எவ்வளவு துத்தநாகம், ஈயம், நிக்கல் என்று பார்க்க வேண்டுமானால் சேற்றை அமிலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ் என்ற கருவியில் ஏற்ற வேண்டும். அந்தக் கருவி அவள் கல்லூரியில் இல்லை. அதற்காகத்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது.

"இதை ஏண்டி கடிதத்தில் எழுதவில்லை?" என்றேன். "அந்த மாதிரியில் இதற்கு இடமில்லையே டீச்சர்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் காபி ஆறிப்போனது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, அந்தப் பிள்ளையிடம் இருந்த ஒரே நல்ல விஷயத்தை வெளியே எடுத்துப்போட்டுவிட்டு, வெறும் ஓட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு வேலையை ஆரம்பித்தோம். தம்பி மகள் போனில் வழி சொன்னாள். முதல் இரண்டு நாள் ஒரு கடிதமும் எழுதவில்லை. இதே முகத்துவாரத்துச் சேற்றைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்கள் யார் என்று தேடினாள். மூன்று பேர் கிடைத்தார்கள். நூற்றி நாற்பது மூன்றானது. அதில் நகரின் தென்பக்கம் ஒரு நிறுவனத்தில் இருக்கும் பேராசிரியரின் கட்டுரையை முழுதாகப் படித்தாள். வெள்ளத்துக்கு முன்னால் எடுத்த சேறு அது. மூன்றாம் அட்டவணையில் உலோகங்களின் அளவு. அவருடைய இடங்களில் இரண்டு, இவள் எடுத்த இடங்களுக்கு மிகப் பக்கம்.

அப்புறம் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். இது முக்கியம். பல இடங்களில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி இருக்கும். சென்னை ஐஐடியில் கோடை ஃபெலோஷிப் உண்டு. அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைத் திட்டமும் உண்டு. அப்படி ஒரு வாசல் இருக்கும்போது பேராசிரியருக்கு எழுதினால், "அதில் போடுங்கள்" என்றுதான் சொல்வார். அவர் நினைத்தாலும் மீற முடியாது. இந்தப் பேராசிரியர் தன் பக்கத்தில், குறுகிய கால வருகைக்கு நேரடியாக எழுதலாம் என்று போட்டிருந்தார்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் எழுதினாள். சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

தலைப்பு: "மே மாதம் மூன்று வார வருகை வேண்டி: எண்ணூர் முகத்துவாரச் சேறு, பன்னிரண்டு மாதிரிகள்."

முதல் பத்தி: "நான் இன்ன கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு. தங்கள் கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில் உள்ள இரண்டு இடங்களுக்கு அருகில், வெள்ளத்துக்குப் பிறகு சேறு எடுத்திருக்கிறேன். உலர் எடையும் 550 டிகிரி எடை இழப்பும் பார்த்திருக்கிறேன். ஒரு பக்க அட்டவணை இணைத்துள்ளேன்."

இரண்டாம் பத்தி: "உலோக அளவு பார்க்க எங்கள் கல்லூரியில் வசதி இல்லை. தங்கள் கட்டுரையிலுள்ள முறையிலேயே கரைத்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். மே மாதம் முதல் மூன்று வாரம் வர முடியும். தினமும் வீட்டிலிருந்து வந்துபோவேன், விடுதி வேண்டாம், உதவித்தொகை கேட்கவில்லை. கல்லூரியின் ஆட்சேபணையின்மைச் சான்று தருவேன். என் வழிகாட்டிக்கும் இதன் நகல் அனுப்பியுள்ளேன். வருவது இயலாதென்றால், மாதிரிகளைக் கட்டணம் கட்டிப் பரிசோதிக்க முடியுமா என்று மட்டும் சொன்னாலும் உதவி."

எழுதி முடித்த பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். முதல் ஆறு மாதிரிகளை வீட்டிலிருந்த துத்தநாகம் பூசிய இரும்புக் கரண்டியால் அள்ளியிருக்கிறாள். மீதி ஆறும் பிளாஸ்டிக் கரண்டி. கரண்டியின் பூச்சு சேற்றோடு வந்திருந்தால் துத்தநாகக் கணக்கு கெட்டுப்போயிருக்கும். "இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா டீச்சர்?" என்றாள். பழைய டீச்சராக இருந்திருந்தால் விடு என்றிருப்பேன். தப்பு இருந்தால் மார்க் குறைப்பவள்தானே நான். ராமானுஜன் கதையை நினைத்துக்கொண்டு, மூன்றாம் பத்தியாக அதையே எழுதச் சொன்னேன். ஒரே வாக்கியம்: "முதல் ஆறு மாதிரிகள் இன்ன கரண்டியால் எடுக்கப்பட்டவை, அவற்றின் துத்தநாக அளவை நம்ப முடியாது என்று கருதுகிறேன்."

"மதிப்புமிக்க" என்ற சொல் எங்கும் இல்லை. இணைப்பு இரண்டே: ஒரு பக்க சுயவிவரம், ஒரு பக்க அட்டவணை. ஜனவரி கடைசியில் அனுப்பினாள். மே மாதத்துக்கு ஏப்ரலில் எழுதினால், அனுமதிக் கடிதமும் அடையாள அட்டையும் ஆவதற்குள் லீவே முடிந்துவிடும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால், அதே கடிதத்தின் கீழேயே இரண்டு வரியில் ஒரு முறை நினைவூட்ட வேண்டும், அதற்கு மேல் தொந்தரவு கூடாது என்று தம்பி மகள் சொல்லியிருந்தாள்.

அது தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் பதில் வந்தது, நாலு வரி. மேயில் வரலாம். ஆய்வக மாணவர் ஒருவரின் பெயர் கொடுத்து, அவரோடு தேதியைப் பேசிக்கொள். அதற்குள் அந்த ஆறு மாதிரிகளையும் பிளாஸ்டிக் கரண்டியால் மறுபடி எடு. பழையதையும் எறிந்துவிடாதே, இரண்டையும் சேர்த்து ஏற்றிக் கரண்டியால் எவ்வளவு கூடியது என்று பார்ப்போம்.

அவர் பிடித்துக்கொண்டது கரண்டியைத்தான், பார்த்தீர்களா? மற்ற இருவரில் ஒருவர் இடமில்லை என்று எழுதினார். இன்னொருவர் இன்றுவரை பதில் போடவில்லை. மூன்றுக்கு ஒன்று. அவள் மே மாதம் விம்கோ நகரில் மெட்ரோ ஏறித் தினமும் போய் வந்தாள்.

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும்.

இருநூறுக்கு இரண்டு வந்தாலும் லாபம்தானே என்கிறான் அந்தத் தம்பி. அந்த இரண்டு யாருடையது என்று பார், தம்பி. எதையும் படிக்காமல் யாரையும் எடுத்துக்கொள்பவர்கள்தான் படிக்காத கடிதத்துக்கும் பதில் போடுவார்கள். போய் உட்கார்ந்தால் கோப்பு அடுக்கச் சொல்வார்கள், இல்லை பணம் கேட்பார்கள். அது மட்டுமில்லை, நீ அனுப்பும் இருநூறு, நிஜமாகவே சேறு அள்ளிக்கொண்டு வரும் பிள்ளையின் கடிதத்தை அடியில் புதைக்கிறது. என் தம்பி மகள் அழித்த முப்பத்தொன்றில் அப்படி ஒன்று இருந்திருக்கலாம். அவளுக்கே தெரியாது.

கல்லூரிப் பெயரைப் பார்த்துத்தான் பதில் போடுகிறார்கள் என்று இன்னொருவர் சொல்லுவார். சிலர் அப்படித்தான். அது அநியாயம், எந்தக் கடிதத்தாலும் அது தீராது. கட்டணமில்லாமல், உதவித்தொகை இல்லாமல் மூன்று வாரம் போய்வர எல்லா வீட்டிலும் முடியாது என்பதும் உண்மை. இவளுக்கு மெட்ரோ பணத்தை அப்பா கொடுத்தார். முடியாதவர்கள் உதவித்தொகை உள்ள திட்டங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், தேதியைத் தவறவிடாதீர்கள். ஆனால் பணிந்து குனிந்து எழுதினால் அந்த அநியாயம் குறையும் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். நான் முப்பது வருஷம் சொன்னேன். குறையவில்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு: "பணிவுடன் தெரிவித்துக்கொள்வது" என்று நான் எழுதவைத்ததை அடித்துவிடுங்கள். அதற்கு மார்க் போட்டது என் தப்பு. உங்கள் பிள்ளைகள் யாராவது இப்படிக் கடிதம் எழுதுவதாக இருந்தால், அனுப்புமுன் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். தேரடிப் பக்கம் வந்து டீச்சர் வீடு என்று கேட்டால் சொல்வார்கள். வரும்போது கடிதத்தோடு, அவர்கள் தங்கள் கையால் செய்த வேலை எதுவோ, அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நோட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

தம்பி, அந்த ஃபார்வர்டைக் குழுவிலிருந்து எடுத்துவிடு.